ஒரு தொடக்கப்புள்ளி இரண்டாம் முறை ஏன் செயல்படுவதில்லை?

கேள்வி: "மனித செல்லில் டி.என்.ஏ. நகலெடுப்பு பல்லாயிரம் இடங்களில் தொடங்குகிறது, அதுவும் வெவ்வேறு நேரங்களில் என்று படித்தேன். அப்படியானால் எந்த இடம் முடிந்துவிட்டது, எது இன்னும் முடியவில்லை என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? முடிந்த இடம் மறுபடியும் தொடங்காமல் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

செல்லுக்கு அது தெரியாது. எந்தத் தொடக்கப்புள்ளி செயல்பட்டது, எது செயல்படவில்லை என்ற பட்டியல் செல்லுக்குள் எங்கும் இல்லை. பட்டியல் தேவைப்படாதபடி வேலையை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் வெவ்வேறு காலத்தில் வைத்திருக்கிறது செல். முதல் வேலை, தொடக்கப்புள்ளியில் நகலெடுப்பு எந்திரத்தின் மையப் பகுதியைப் பொருத்தி வைப்பது. இதற்குத்தான் உரிமம் வழங்குதல் என்று பெயர். இரண்டாவது வேலை, பொருத்தி வைத்ததை இயக்குவது. முதலாவது நடக்கக்கூடிய நேரத்தில் இரண்டாவது நடக்க முடியாது. இரண்டாவது தொடங்கிவிட்டால் முதலாவதற்கு வழியில்லை. நீங்கள் கேட்ட "யார்" என்பதற்கான விடை முழுவதும் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. நான் பல ஆண்டுகள் வேலை செய்தது ஈஸ்ட் செல்களில். ஆகவே உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். விலங்கு செல்கள் வேறுபடும் இடங்களைத் தனியே சொல்கிறேன்.

முதலில் அந்த உரிமம் என்பது என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம். அது ஓர் அடையாளக் குறி அல்ல, கையால் தொடக்கூடிய ஒரு பொருள் என்றே சொல்லலாம்: எம்சிஎம் என்ற ஆறு புரதங்கள் சேர்ந்த வளையம். டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் பிரித்துக்கொண்டு போகும் ஹெலிகேஸின் உள்ளகம் இதுவே. செல் பிரிந்து முடிந்து, அடுத்த நகலெடுப்பு தொடங்குவதற்கு முன்னுள்ள ஜி1 கட்டத்தில், ஓஆர்சி என்ற புரதத் தொகுதி தொடக்கப்புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. அதனுடன் சிடிசி6 சேர்கிறது. சிடிடி1 என்ற இன்னொரு புரதம் எம்சிஎம் வளையத்தை அழைத்து வருகிறது. இவை மூன்றும் சேர்ந்து வளையத்தைத் திறந்து டி.என்.ஏ.யைச் சுற்றி மூடுகின்றன. பிறகு இரண்டாவது வளையம் ஒன்று எதிர்த்திசையில், முதலாவதன் முகத்தோடு முகம் பொருந்தும்படி ஏற்றப்படுகிறது. இந்த இரட்டை வளையத்தின் நடுவே இரு இழைகளும் பிரியாமல், முறுக்கிய நிலையிலேயே கிடக்கின்றன. எந்திரம் இடத்தில் இருக்கிறது, ஆனால் எதையும் பிரிக்கவில்லை.

அடுத்து, நகலெடுப்பு நடக்கும் எஸ் கட்டம் வரும்போது இரண்டு கைனேஸ்கள் வேலைக்கு வருகின்றன. கைனேஸ் என்பது பிற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி. டிடிகே என்ற கைனேஸ் எம்சிஎம் வளையத்திலேயே பாஸ்பேட் சேர்க்கிறது. சிடிகே, அதாவது சைக்ளின் சார்ந்த கைனேஸ், வேறு சில துணைப் புரதங்களில் சேர்க்கிறது. இதன் விளைவாக சிடிசி45, ஜின்ஸ் என்ற இரு துணைகள் வளையத்தோடு ஒட்டுகின்றன. இப்போதுதான் அது இயங்கும் ஹெலிகேஸாகிறது. ஒவ்வொரு வளையமும் ஓர் இழையை வெளியே தள்ளி, மற்ற இழையை மட்டும் பற்றிக்கொள்கிறது. இரு வளையங்களும் ஒன்றையொன்று கடந்து எதிரெதிர்த் திசையில் நகர்கின்றன.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. உரிமமும் எந்திரமும் ஒரே பொருள் என்பதால், எந்திரம் புறப்பட்டவுடன் உரிமமும் அதனுடன் போய்விடுகிறது. தொடக்கப்புள்ளி வெறுமையாகிறது. "இது ஏற்கெனவே செயல்பட்டது" என்று யாரும் குறித்துவைக்க வேண்டியதில்லை. மறுபடி செயல்பட அங்கே எதுவும் மிச்சமில்லை.

உங்கள் கேள்வியில் "வெவ்வேறு நேரங்களில்" என்ற சொல்லும் முக்கியமானது. அதற்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரே குரோமோசோமில் 40,000 கார இணைகள், அதாவது டி.என்.ஏ. ஏணியின் அத்தனை படிகள், இடைவெளியில் அ, ஆ என்று இரு தொடக்கப்புள்ளிகள். இரண்டிலும் ஜி1 கட்டத்திலேயே வளையங்கள் ஏற்றப்பட்டுவிட்டன. எஸ் கட்டம் தொடங்கியதும் அ உடனே செயல்படுகிறது. அதிலிருந்து ஒரு கவை, அதாவது இழைகள் பிரிந்து நகலெடுப்பு நடந்துகொண்டே நகரும் முனை, ஆ-வை நோக்கி வருகிறது. ஈஸ்டில் கவையின் வேகம் நிமிடத்திற்குச் சுமார் 2,000 இணைகள் என்று வைத்துக்கொண்டால், 20 நிமிடத்தில் அது ஆ-வை எட்டிவிடும். இந்த 20 நிமிடத்திற்குள் ஆ தானாகவே செயல்பட்டால் இரு கவைகளும் நடுவில் எங்கோ சந்தித்து முடித்துக்கொள்ளும். செயல்படவில்லை என்றால், அ-விலிருந்து வந்த கவை ஆ-வைக் கடந்து, அதையும் நகலெடுத்துவிட்டே போகும். அப்போது ஆ-வில் பயன்படாமல் கிடந்த இரட்டை வளையம் அகற்றப்படுகிறது. அது அப்படியே இருந்திருந்தால், ஏற்கெனவே நகலெடுக்கப்பட்ட இடத்தில் மறுபடி ஒரு தொடக்கம் ஏற்பட்டிருக்கும். கவை கடந்த பகுதியில் செயல்படாத வளையங்கள் மிஞ்சுவதில்லை என்பது உறுதியான செய்தி. வருகின்ற கவை அவற்றை எந்த இயக்கமுறையால் கழற்றுகிறது என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது.

ஆகவே உங்கள் கேள்வியில் ஒரு சிறு திருத்தம் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தொடக்கப்புள்ளியும் ஒரு சுழற்சியில் "ஒரு முறை" செயல்படுகிறது என்பதைவிட, "அதிகபட்சம் ஒரு முறை" என்பதே சரி. உரிமம் பெற்ற பல இடங்கள் அந்தச் சுழற்சியில் ஒருமுறைகூடச் செயல்படாமல், பக்கத்து இடத்தின் கவையால் நகலெடுக்கப்பட்டுவிடுகின்றன. செல் காப்பாற்ற விரும்புவது டி.என்.ஏ.யின் ஒவ்வொரு பகுதியும் ஒரே முறை நகலெடுக்கப்பட வேண்டும் என்பதைத்தான். எந்தத் தொடக்கப்புள்ளியிலிருந்து அது நடந்தது என்பது அதற்குப் பொருட்டல்ல.

இனி மிச்சமுள்ள பாதி. தொடக்கப்புள்ளி காலியானது சரி. ஓஆர்சி இன்னும் அங்கே இருக்கிறதே, புதிய வளையம் ஒன்றை ஏன் ஏற்றிவிடக் கூடாது? இந்தத் தடை இருக்கிறது என்பதை முதலில் தெளிவாகக் காட்டியது 1970-இல் பொட்டு ராவும் ராபர்ட் ஜான்சனும் ஹீலா என்ற மனித செல் வகையின் செல்களை ஒன்றோடொன்று இணைத்துச் செய்த சோதனை. எஸ் கட்டத்துச் செல்லை ஜி1 செல்லோடு இணைத்தால், ஜி1 உட்கரு தன் நேரத்துக்கு முன்பே நகலெடுக்கத் தொடங்கியது. நகலெடுத்து முடித்த ஜி2 செல்லோடு இணைத்தால், ஜி2 உட்கரு அசையவே இல்லை. இரண்டு உட்கருக்களும் ஒரே சூழலில்தான் இருந்தன. தூண்டும் பொருளும் அங்கே இருந்தது. ஆகவே ஜி2 உட்கருவிடம் ஏதோ ஒன்று இல்லை. 1988-இல் ஜூலியன் புளோவும் ரொனால்ட் லாஸ்கியும் தவளை முட்டைச் சாற்றில் ஆராய்ந்து, இல்லாத அந்தப் பொருளுக்கு உரிமக் காரணி என்று பெயர் வைத்தார்கள். உட்கருச் சவ்வைத் துளைத்துவிட்டால் ஜி2 உட்கரு மறுபடி நகலெடுத்தது. எனவே உரிமக் காரணி சவ்வைத் தாண்ட முடியாதது, செல் பிரியும்போது சவ்வு கலையும் வேளையில்தான் உள்ளே புகுகிறது என்று அவர்கள் முன்மொழிந்தார்கள். நகலெடுப்பின்போது உரிமம் செலவாகிறது என்ற அவர்களுடைய கருத்து இன்றும் நிற்கிறது. சவ்வுதான் தடை என்ற பகுதி அப்படியே நிற்கவில்லை. விலங்கு செல்களில் எம்சிஎம் புரதங்கள் எஸ் கட்டத்திலும் உட்கருவுக்குள்ளேயே இருக்கின்றன. பழைய பாடநூல்களில் சவ்வு விளக்கத்தை நீங்கள் பார்த்திருந்தால், குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

தடையைப் பிடித்திருப்பது சிடிகே. எந்திரத்தை இயக்க உதவும் அதே நொதிதான் புதிய எந்திரம் ஏற்றப்படுவதையும் தடுக்கிறது. ஜி1 கட்டத்தில் சிடிகே மிகக் குறைவு: ஏற்றலாம், இயக்க முடியாது. எஸ் கட்டத்திலிருந்து செல் பிரியும்வரை அது அதிகம்: இயக்கலாம், ஏற்ற முடியாது. இதை 1995-இல் டாமன், டிஃப்லி, நாஸ்மித் மூவரும் ஈஸ்டில் சோதித்தார்கள். நகலெடுத்து முடித்து ஜி2-இல் நிற்கும் செல்களில், சிடிகே-யை அடக்கும் சிக்1 என்ற புரதத்தைத் தற்காலிகமாக உண்டாக்கி, பிறகு நிறுத்தினார்கள். சிடிகே தாழ்ந்தபோது தொடக்கப்புள்ளிகள் புதிதாக உரிமம் பெற்றன. அது மறுபடி உயர்ந்தபோது, செல் பிரியாமலேயே இன்னொரு சுற்று நகலெடுப்பு நடந்தது. சிடிகே-யின் ஓர் இறக்கமும் ஓர் ஏற்றமும் சேர்ந்தால் ஒரு சுற்று. இயல்பான வாழ்க்கையில் அந்த இறக்கம் செல் பிரியும்போது மட்டுமே வருகிறது.

சிடிகே எப்படித் தடுக்கிறது என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி. அரும்பு விடும் ஈஸ்டில் அது ஏற்றும் எந்திரத்தின் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே முடக்குகிறது. ஓஆர்சி-யில் பாஸ்பேட் சேர்த்து அதன் ஏற்றும் திறனைக் கெடுக்கிறது. சிடிசி6-ஐ அழிவுக்கு அனுப்புகிறது. டி.என்.ஏ.யில் ஏறாத எம்சிஎம் புரதங்களை, சிடிடி1-ஓடு சேர்த்து உட்கருவுக்கு வெளியே அனுப்பிவிடுகிறது. இவற்றில் எது உண்மையில் வேலை செய்கிறது என்று ஜோக்கிம் லீயின் ஆய்வகம் கேட்டது. நுயென், கோ, லீ ஆகியோர் 2001-இல் வெளியிட்ட சோதனையில், செல்களைப் பிரிவதற்கு முன்பே நிறுத்திவைத்து, பூட்டுகள் போன்ற இந்தத் தடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஓஆர்சி-யில் பாஸ்பேட் சேரும் இடங்களை மாற்றினார்கள். ஒரு எம்சிஎம் புரதத்தில் உட்கருவுக்குள் இழுக்கும் குறியீட்டைச் சேர்த்து வெளியேற்றத்தைத் தடுத்தார்கள். அழியாத சிடிசி6-ஐ உண்டாக்கினார்கள். ஏதாவது ஒன்றையோ இரண்டையோ கழற்றியபோது செல்லின் மொத்த டி.என்.ஏ. அளவில் மாற்றம் தெரியவில்லை. மூன்றையும் ஒன்றாகக் கழற்றியபோதுதான் செல் பிரியாத நிலையிலேயே டி.என்.ஏ. அளவு கண்கூடாக உயர்ந்தது. அப்போதும்கூட முழுமையாக இரட்டிக்கவில்லை. எல்லாத் தொடக்கப்புள்ளிகளும் மறுபடி செயல்படவும் இல்லை. வேறு பூட்டுகளும் இருக்கின்றன என்று அதுவே சொல்லியது. பின்னால் அவற்றில் சில கண்டுபிடிக்கப்பட்டன; சிடிகே-யை இயங்கவைக்கும் துணைப் புரதமான சைக்ளினே ஓஆர்சி-யின் மீது போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைப்பது அவற்றில் ஒன்று.

ஒரே வேலைக்கு ஏன் இத்தனை பூட்டுகள் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். இதில் தவறும் விகிதம் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டது, யாரும் அளந்தது அல்ல. ஈஸ்டில் தோராயமாக 400 தொடக்கப்புள்ளிகள். ஒரு பூட்டு, ஒரு தொடக்கப்புள்ளிக்கு, ஒரு சுழற்சியில் 100-க்கு ஒரு முறை தவறுகிறது என்று கொள்வோம். ஒரே பூட்டு இருந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் 4 இடங்கள் மறுபடி செயல்படும். அதே தரத்தில் தனித்தியங்கும் இரண்டு பூட்டுகள் இருந்தால் 25 சுழற்சிக்கு ஒரு தவறு. மூன்று இருந்தால் 2,500-க்கு ஒன்று. மனித செல்லில் ஒரு சுழற்சியில் செயல்படும் தொடக்கப்புள்ளிகள் 30,000 முதல் 50,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். 50,000 என்றால் அதே மூன்று பூட்டுகளுடன் 20 சுழற்சிக்கு ஒரு தவறு வந்துவிடும். எந்தப் பூட்டும் நிறைவானதாக இருக்க வேண்டியதில்லை, எண்ணிக்கை போதுமானதாக இருந்தால் சரி என்பதே இதன் பொருள். ஆனால் இந்தப் பெருக்கல் பூட்டுகள் ஒன்றையொன்று சாராதபோதுதான் செல்லும். ஈஸ்டின் பூட்டுகள் எல்லாமே சிடிகே-யைச் சார்ந்தவை. சிடிகே தவறினால் எல்லாம் சேர்ந்தே திறக்கும். 1995 சோதனையில் நடந்தது அதுதான்.

விலங்கு செல்கள் இந்தக் குறையைப் பெருமளவு நீக்கியிருக்கின்றன. அங்கே காவலின் நடுவில் இருப்பது சிடிடி1. ஜெமினின் என்ற புரதம் எஸ் கட்டத்திலிருந்து சேர்ந்துகொண்டே போய், சிடிடி1-ஐப் பற்றி முடக்குகிறது. செல் பிரியும் வேளையில் ஜெமினின் அழிக்கப்படுகிறது. சிடிடி1 விடுபட்டு அடுத்த சுழற்சிக்கான ஏற்றம் தொடங்குகிறது. இரண்டாவது வழி இன்னும் நேர்த்தியானது. நகலெடுக்கும் கவையில் பிசிஎன்ஏ என்ற வளையப் புரதம் ஒன்று இருக்கிறது. சிடிடி1 இந்த பிசிஎன்ஏ-யோடு சேர்ந்தால், அழிவுக்கான முத்திரை அதன் மேல் விழுகிறது. அதாவது நகலெடுப்பு நடப்பதே, புதிய உரிமம் வழங்கத் தேவையான புரதத்தை அழிக்கிறது. இந்த வழிக்கு சிடிகே-யின் பாஸ்பேட் தேவையில்லை. ஈஸ்டில் ஜெமினின் கிடையாது. அங்கே கண்ட பூட்டுகளின் பட்டியலை அப்படியே மனித செல்லுக்குப் பொருத்திப் படிக்கக் கூடாது.

பூட்டு உடைந்தால் என்ன ஆகிறது? சில மனித செல் வகைகளில் ஜெமினினை நீக்கினால், அல்லது சிடிடி1-ஐ அளவுக்கு மீறி உண்டாக்கினால் மறுநகலெடுப்பு நடக்கிறது. ஒரே இடத்திலிருந்து முதல் கவையைத் துரத்திக்கொண்டு இரண்டாவது கவை புறப்படுகிறது. முன்னே போகும் கவை எங்காவது தடைபட்டு நின்றாலோ, புது இழையில் இன்னும் ஒட்டப்படாத இடைவெளி இருந்தாலோ, பின்னால் வரும் கவை அங்கே போய் முறிகிறது. டி.என்.ஏ. உடைகிறது, சேதத்தைக் கண்டறியும் அமைப்பு விழித்துக்கொள்கிறது, செல் நின்றுவிடுகிறது அல்லது இறக்கிறது. பிழைக்கும் செல்களில் வேறொரு கேடு. லீயின் ஆய்வகமே 2010-இல் ஈஸ்டில் காட்டியபடி, ஒரே ஒரு தொடக்கப்புள்ளியின் மறுசெயல்பாட்டிலிருந்து, அதைச் சுற்றியுள்ள பகுதி அடுத்தடுத்துப் பல படிகளாகக் குரோமோசோமில் நிலைத்துவிட முடியும். புற்றுச் செல்களில் காணும் மரபணுப் பெருக்கம் இப்படித்தான் வருகிறதா என்பது நியாயமான ஐயம். மனிதக் கட்டிகளில் எந்தப் பங்கு இதனால் வந்தது என்று இன்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடிக்கும்போது ஒரு தவறான முடிவுக்கு வருவது எளிது, அதனால் சொல்லி வைக்கிறேன். செல்களுக்குச் சாயமேற்றி டி.என்.ஏ. அளவை அளந்தால், நகலெடுத்து முடித்த மனித செல் 4சி, அதாவது ஒரு குரோமோசோம் தொகுதியின் டி.என்.ஏ.யைப் போல நான்கு மடங்கு, என்ற இடத்தில் நிற்கும். அதைத் தாண்டி ஏதாவது தெரிந்தவுடன் மறுநகலெடுப்பு என்று எழுதிவிடக் கூடாது. 8சி-யில் கூர்மையான ஒரு முகடு தெரிந்தால், செல் பிரியாமல் விட்டு முறைப்படி இன்னொரு முழுச் சுற்று நகலெடுத்திருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். அதில் உரிம விதி மீறப்படவே இல்லை. உண்மையான மறுநகலெடுப்பு சில இடங்களில் மட்டும் நடப்பதால், 4சி-க்கும் 8சி-க்கும் நடுவே தெளிவில்லாத பரவலாகத் தெரியும். இன்னும் உறுதி வேண்டுமானால், செல் பிரிவதைத் தடுத்துவிட்டு, தைமிடினுக்குப் பதிலாகச் சேரும் எடை கூடிய புரோமோடிஆக்சியூரிடினைக் கொடுத்து, டி.என்.ஏ.யை அடர்த்தி வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு முறை நகலெடுத்தால் ஓர் இழை மட்டும் கனக்கும். இரண்டு இழைகளும் கனத்த டி.என்.ஏ. கிடைத்தால் அந்தப் பகுதி ஒரே சுழற்சிக்குள் இரண்டு முறை நகலெடுக்கப்பட்டிருக்கிறது.

இந்த விதிக்கு ஒரு விலையும் உண்டு. எஸ் கட்டம் தொடங்கிய பிறகு புதிய உரிமம் கிடையாது என்றால், ஜி1-இல் விடுபட்ட இடத்தை பின்னால் சரிசெய்யவும் முடியாது. ஒன்றையொன்று நோக்கி வரும் இரு கவைகளும் நின்றுவிட்டால், இடைப்பட்ட பகுதி நகலெடுக்கப்படாமலே போகும். அதனால்தான் செல் தேவையைவிடப் பல மடங்கு எம்சிஎம் வளையங்களை முன்கூட்டியே ஏற்றி வைக்கிறது. உபரி இடங்கள் பெரும்பாலும் உறங்கிக் கிடந்து, பக்கத்துக் கவை தடைபட்டால் மட்டும் விழிக்கின்றன. எம்சிஎம்4 மரபணுவில் கேயாஸ்3 என்ற மாற்றம் உள்ள எலிகளில் வளையங்களின் அளவு குறைகிறது. அவற்றுக்கு மார்பகக் கட்டிகள் வருகின்றன. அதிகமாக நகலெடுப்பதைப் போலவே குறைவாக நகலெடுப்பதும் ஆபத்து.

கடைசியாக, இதுவரை சொன்னதில் உள்ள ஒரு விரிசல். ஏற்றும் காலமும் இயக்கும் காலமும் தனித்தனி என்று எழுதினேன். ஆனால் ஜி1-இலிருந்து எஸ் கட்டத்துக்குள் போகும் மனித செல்லில் சிடிடி1 ஒரே நொடியில் மறைவதில்லை. பிசிஎன்ஏ வழியாக அழிய வேண்டுமானால் நகலெடுப்பு முதலில் தொடங்கியிருக்க வேண்டும். அப்படியானால் எஸ் கட்டத்தின் முதல் சில நிமிடங்களில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. அந்த நிமிடங்களில் மறுநகலெடுப்பு ஏன் வெடிப்பதில்லை? 2023-இல் வந்த ஓர் ஆய்வு, மிச்சமிருக்கும் சிடிடி1தான் ஹெலிகேஸ் முன்னேறுவதைத் தடுக்கிறது, அது அழிந்த பிறகுதான் கவைகள் முழு வேகம் பிடிக்கின்றன என்று காட்டுகிறது. சான்றுகள் வலுவானவை என்றே நினைக்கிறேன். ஆனால் இது எல்லா விலங்கு செல்களுக்கும் பொருந்துமா, ஜெமினினோடு எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்பவற்றுக்கு இன்னும் பல ஆய்வகங்கள் பதில் தேடிக்கொண்டிருக்கின்றன.